கரன்ட் கட் அறிவிப்பு ஆங்கிலத்துல வந்திருக்கா? காலனி குரூப்பில் தமிழில் போடும் முன் இதை கவனிங்க!

திண்டுக்கல்லில் துணை மின் நிலையப் பராமரிப்பு என்றால் பகல் முழுக்கவே கரன்ட் இருக்காது. அந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும்போது, காலனி சங்கத்தில் யாராவது ஒருவர் தமிழில் மாற்றி குரூப்பில் போடுவார். வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால்தான் சிக்கல்.

எங்கே தப்பு நடக்குது?

'சப்ளை சஸ்பெண்ட்' என்பது 'இடைநீக்கம்' ஆகிவிடுகிறது. அது ஆபீசில் வேலையை விட்டு நிறுத்தி வைப்பது. 'மின்சாரம் நிறுத்தப்படும்' என்றாலே போதும். 'ஃபீடர்' என்பதை 'ஊட்டி' என்று போட்டால் மலை ஊர்தான் ஞாபகம் வரும். அது மின்பாதை. '17.00 மணி' என்பதையும் அப்படியே விடாமல், 'மாலை 5 மணி' என எழுத வேண்டும்.

குடிநீர் அறிவிப்பில் 'ஆல்டர்நேட் டே' என்பதை 'மாற்று நாள்' என்று எழுதினால், வேறொரு நாளில் தண்ணி வரும் என்று அர்த்தமாகிவிடும். சரியானது 'ஒருநாள் விட்டு ஒருநாள்'.

உயிருக்கே ஆபத்தான வரி

பணி முன்கூட்டியே முடிந்தால் மின்சாரம் உடனே வழங்கப்படும் என்ற வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அறிவிப்பிலேயே முக்கியமானது அதுதான். 5 மணி வரை கரன்ட் வராது என்று நம்பி ஒருவர் மதியம் ஸ்விட்ச் போர்டைக் கழற்றலாம். அந்த நேரத்தில் கரன்ட் வந்துவிட்டால்?

'நாளை' வேண்டாம்

வாட்ஸ்அப்பில் 'நாளை' என்று போட்டால், அடுத்த நாள் பார்ப்பவருக்கு அது இன்னொரு நாளாகிவிடும். தேதி, கிழமை இரண்டையும் போடுங்க.

தண்ணி சொல்ல மறக்காதீங்க

கரன்ட் இல்லையென்றால் போர் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி நிரம்பாது. மின்வாரிய அறிவிப்பில் இது இருக்காது. சங்கம்தான் சேர்க்க வேண்டும்.

மாதிரி அறிவிப்பு

"12-ம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை நம்ம காலனியில் கரன்ட் இருக்காது. துணை மின் நிலையத்தில் பராமரிப்பு வேலை. வேலை சீக்கிரம் முடிஞ்சா 5 மணிக்கு முன்னாடியே கரன்ட் வந்துடும். அதனால மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணாம வயரிங், மோட்டார் வேலை எதுவும் செய்யாதீங்க. போர் மோட்டார் காலை 8.30 வரைக்கும்தான் ஓடும். அதுக்குள்ள தண்ணி பிடிச்சு வெச்சுக்கோங்க."

அனுப்பும் முன் பட்டியலில் காலனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்க. 'சுற்றுவட்டாரப் பகுதிகள்' என்று மட்டும் இருந்தால், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் கேட்டு உறுதி செய்துவிட்டு அனுப்பலாம்.