குறி மாறாத இடத்தில் ஒளிந்திருக்கும் மூலங்கள்

நியூட்டன் 1669-இல் எழுதிய ஒரு கையெழுத்துப் பிரதியில் x³ − 2x − 5 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்த்துக் காட்டுகிறார். விடை 2-க்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்த எடுப்பிலேயே வைத்துக்கொண்டு, அதைத் திருத்தித் திருத்தி 2.0945 என்று போகிற எண்ணை எட்டுகிறார். அந்தத் திருத்தும் முறைதான் இன்று நியூட்டன் முறை என்ற பெயரில் கல்லூரிகளில் நடத்தப்படுகிறது. ஆனால் முதலில் அந்த 2 எங்கிருந்து வந்தது என்று பாடப்புத்தகங்கள் அதிகம் நின்று பேசுவதில்லை.

x-க்கு 2 போட்டுப் பாருங்கள். 8 − 4 − 5, அதாவது −1. அடுத்து 3 போடுங்கள். 27 − 6 − 5, அதாவது 16. பூஜ்யத்துக்குக் கீழே இருந்த மதிப்பு, x ஓர் எண் நகர்வதற்குள் பூஜ்யத்துக்கு மேலே வந்துவிட்டது. ஆற்றின் இக்கரையில் நின்றவன் இப்போது அக்கரையில் நிற்கிறான் என்றால், நடுவில் எங்கோ ஆற்றைக் கடந்திருக்கிறான். எந்த இடத்தில் கடந்தான் என்று தெரியாது. கடந்தான் என்பது மட்டும் உறுதி. ஆகவே 2-க்கும் 3-க்கும் நடுவில் சமன்பாட்டுக்கு ஒரு மெய் மூலம் இருக்கிறது. இரு முனைகளில் −1-ம் 16-ம் இருப்பதால், அது 2-க்கு நெருக்கமாக இருக்கும் என்று ஊகிக்கவும் முடிகிறது.

இதைத்தான் இடைமதிப்புத் தேற்றம் சொல்கிறது. ஒரு சார்பு எங்கும் அறுபடாமல் தொடர்ச்சியாக இருந்து, ஒரு முனையில் குறை மதிப்பும் மறுமுனையில் மிகை மதிப்பும் பெற்றால், நடுவில் ஓரிடத்திலாவது பூஜ்யம் ஆகியே தீரும். பல்லுறுப்புக்கோவைகள் எல்லாமே தொடர்ச்சியானவை என்பதால் அவற்றுக்குத் தனியாக எதையும் சோதிக்க வேண்டாம். தொடர்ச்சி இல்லாத இடத்தில் இதே வாதம் கவிழ்ந்துவிடும். 1/(2x − 1) என்பதில் 0 போட்டால் −1, 1 போட்டால் +1. குறி மாறியும் மூலம் கிடையாது; x = ½ என்ற இடத்தில் வளைகோடு பாதாளத்துக்கும் ஆகாயத்துக்குமாகப் பிய்ந்துபோகிறது.

கண்ணால் பார்த்தாலே விளங்குகிற இந்த விஷயத்துக்கு நிரூபணம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதர்கள் பலரும் அப்படித்தான் நினைத்துக் கடந்து போனார்கள். பிராகாவில் பாதிரியாராக இருந்த பெர்னார்ட் போல்ட்சானோ மட்டும் 1817-இல் வெளியிட்ட கட்டுரையில், படத்தைக் காட்டிச் சமாதானம் சொல்வது நிரூபணம் ஆகாது என்று பிடிவாதம் பிடித்தார். அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. x² − 2 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1 போட்டால் −1, 2 போட்டால் 2. நடுவில் பூஜ்யம் ஆகிற இடம் √2. அது எந்தப் பின்னத்துக்கும் சமம் இல்லை. உலகத்தில் பின்னங்கள் மட்டுமே எண்கள் என்றிருந்தால், இந்தக் கோவை பூஜ்யத்தைத் தொடாமலேயே கீழிருந்து மேலே போயிருக்கும். ஆக, தேற்றம் வளைகோட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. எண்களின் வரிசையில் ஓட்டை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் அது நம்பி நிற்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1821-இல், பாரிஸில் கோஷி தன் பாடநூலில் இதற்கு நிரூபணம் எழுதினார்.

இனி நடைமுறை. மூலத்தைத் தேடி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போக வேண்டும்? எண்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. ஆயிரத்துக்கு அப்பால் ஒரு மூலம் பதுங்கியிருந்தால் என்ன செய்வது? இதற்குக் கோஷியின் பெயரில் எளிய வரம்பு ஒன்று உண்டு. உயர்ந்த படியின் கெழு 1 ஆக இருந்தால், மற்றக் கெழுக்களில் குறியை நீக்கிப் பார்க்கும்போது எது பெரியதோ அதோடு 1 கூட்டுங்கள். அந்த எண்ணுக்கு அப்பால் எந்த மூலமும் இருக்காது. நியூட்டனின் சமன்பாட்டில் பெரிய கெழு 5. எனவே −6 முதல் 6 வரை பார்த்தால் போதும். காரணம் சிக்கலானது இல்லை: x அவ்வளவு பெரிதானதும் x³ மட்டுமே தனியாக மற்ற உறுப்புகள் அனைத்தையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அந்த எல்லைக்குள் முழு எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு மதிப்பை எழுதி, குறி எங்கே மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பள்ளிக்கணக்கில் பெரும்பாலும் இத்தோடு முடித்துவிடுவார்கள். ஆனால் சுவாரஸ்யமே இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். லாக்ராஞ்சு எடுத்துக்கொண்ட ஒரு சமன்பாட்டைப் பார்ப்போம்:

x³ − 7x + 7 = 0

பெரிய கெழு 7. ஆகவே −8 முதல் 8 வரை தேட வேண்டும். மதிப்பைக் கணக்கிட ஒரு சுருக்குவழி: (x × x − 7) × x + 7 என்று மாற்றி எழுதிக்கொண்டால் மனக்கணக்காகவே போடலாம். −3 போட்டால், 9 − 7 = 2; 2 × (−3) = −6; 7 கூட்ட 1. −4 போட்டால், 16 − 7 = 9; 9 × (−4) = −36; 7 கூட்ட −29. குறி மாறிவிட்டது. −4-க்கும் −3-க்கும் நடுவில் ஒரு மூலம் அகப்பட்டது. −4-க்குக் கீழே போகப் போக மதிப்பு இன்னும் ஆழமாகக் குறைந்துகொண்டே போகும்.

மறுபக்கம் வாருங்கள். −2-க்கு 13, −1-க்கு 13, 0-க்கு 7, 1-க்கு 1, 2-க்கும் 1, 3-க்கு 13. அதற்கு மேல் ஏறுமுகம்தான். எங்கும் குறி மாறவில்லை. ஆகவே இந்தச் சமன்பாட்டுக்கு ஒரே ஒரு மெய் மூலம்தான் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடத் தோன்றும்.

1.5 போட்டுப் பாருங்கள். 2.25 − 7 = −4.75, 1.5-ஆல் பெருக்க −7.125, 7 கூட்ட −0.125. பூஜ்யத்துக்குக் கீழே! 1-இல் மேலே இருந்த மதிப்பு 1.5-இல் கீழே இறங்கி, 2-க்குள் மறுபடி மேலே ஏறிவிட்டது. ஆகவே 1-க்கும் 1.5-க்கும் நடுவில் ஒரு மூலம், 1.5-க்கும் 2-க்கும் நடுவில் இன்னொன்று. அவை ஏறத்தாழ 1.357, 1.692. இரண்டும் ஒரே முழு எண் இடைவெளிக்குள் ஒட்டி நின்றதால் நம் அட்டவணை அவற்றைத் தவறவிட்டது. ஆற்றைக் கடந்து போய்த் திரும்பி வந்தவன் அதே கரையில்தானே நிற்பான்?

தேற்றத்தின் வாசகத்தை மறுபடி படித்தால், அது நம்மை ஏமாற்றவில்லை என்பது புரியும். குறி மாறினால் மூலம் உண்டு என்று மட்டுமே அது சொல்கிறது. குறி மாறாவிட்டால் மூலம் இல்லை என்று அது எங்கும் சொல்லவில்லை; அதை நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம். சரியான கணக்கு இது: குறி மாறிய இடைவெளியில் மூலங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை, மாறாத இடைவெளியில் இரட்டைப்படை. ஒற்றைப்படை என்றால் 1-ஆகவும் இருக்கலாம், 3-ஆகவும் இருக்கலாம். பூஜ்யமும் இரட்டைப்படைதான், 2-ம் இரட்டைப்படைதான். (இரட்டை மூலத்தை இரண்டாக எண்ண வேண்டும். 4x² − 4x + 1 என்பது x = ½ என்ற இடத்தில் அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. எவ்வளவு நெருக்கமாகத் தேடினாலும் அதில் குறி மாற்றமே அகப்படாது.)

முப்படிக்குத்தான் சூத்திரம் இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 1545-இல் கார்டானோ வெளியிட்ட சூத்திரத்தை இங்கே போட்டால், மூன்று மூலங்களும் மெய்யாக இருந்தும், குறை எண்ணின் வர்க்கமூலம் வழிமறித்து நிற்கும். ஐந்தாம் படியிலிருந்து அப்படிப்பட்ட பொதுச் சூத்திரமே கிடையாது.

1.5-ஐப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் போட்டேன். தெரியாதவர் என்ன செய்வார்? ஜெனீவாவில் பிறந்த ஷார்ல் ஸ்டுர்ம் 1829-இல் அறிவித்த முறை, ஊகத்துக்கே இடம் வைக்கவில்லை. முதலில் கோவையை எழுதுங்கள். அடுத்து அதன் வகைக்கெழு: 3x² − 7. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, வருகிற மீதியின் குறியை மாற்றுங்கள். (14/3)x − 7 வரும். குறிதான் முக்கியம் என்பதால் மிகை எண் ஒன்றால் வகுத்து 2x − 3 என்று சுருக்கிக்கொள்ளலாம். பிறகு இரண்டாவதை மூன்றாவதால் வகுத்து, மீதியின் குறியை மாற்றினால் ¼ வரும். அதையும் 1 என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக நான்கு கோவைகள்: x³ − 7x + 7, 3x² − 7, 2x − 3, 1.

x = 1 என்று நான்கிலும் போட்டால் 1, −4, −1, 1. இடமிருந்து வலமாகப் போகும்போது குறி இரண்டு முறை மாறுகிறது. x = 2 போட்டால் 1, 5, 1, 1. ஒரு மாற்றமும் இல்லை. இரண்டிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் 2. அந்த இடைவெளிக்குள் வெவ்வேறான மெய் மூலங்கள் சரியாக இரண்டு. −4-இல் −29, 41, −11, 1 என்று மூன்று மாற்றங்கள். −3-இல் 1, 20, −9, 1 என்று இரண்டு. வித்தியாசம் 1. முப்படிக்கு மூன்றுக்கு மேல் மூலங்கள் இருக்க முடியாது. மூன்றும் கணக்கில் வந்துவிட்டன. நிபந்தனை ஒன்றுதான்: போடுகிற முனைகளே மூலமாக இருக்கக்கூடாது.

கடைசியில் இருக்கும் 7-ஐ 8 ஆக்கிப் பாருங்கள்: x³ − 7x + 8. 1-இல் மதிப்பு 2, 2-இலும் 2. அட்டவணையைப் பார்த்தால் முன்பு 1, 1 என்று இருந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்டுர்மின் வரிசை இப்போது x³ − 7x + 8, 3x² − 7, 7x − 12, −1 என்று வருகிறது. 1-இல் 2, −4, −5, −1: ஒரு மாற்றம். 2-இல் 2, 5, 2, −1: அங்கும் ஒரு மாற்றம். வித்தியாசம் பூஜ்யம். இந்த முறை 1-க்கும் 2-க்கும் நடுவில் உண்மையாகவே ஒன்றும் இல்லை.