வராமல் போன இருநூறு ரூபாய்

பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்கள் அண்ணி ஆன்லைனில் மிக்ஸி வாங்கினார். விலை 4,720 ரூபாய். கேஷ்பேக் தரும் ஒரு ஆப் வழியாகக் கடைக்குள் போனால் 5 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்று போட்டிருந்தது. 236 ரூபாய் வரும் என்று மனக்கணக்கும் போட்டுவிட்டார். மிக்ஸி வந்து, சட்னி அரைத்து, பொங்கலும் முடிந்தது. ஆப்பில் ஒரு பைசா ஏறவில்லை.

"ஏமாத்திட்டாங்க தம்பி" என்று போனை என்னிடம் நீட்டினார்.

"மிக்ஸியைக் கார்ட்டில் எப்போ போட்டீங்க அண்ணி?"

"முந்தின நாள் ராத்திரியே போட்டுட்டேன். மறுநாள் இந்த ஆப் வழியா உள்ள போனேன். பணம் கட்டப் போறப்போ கூப்பன் ஏதாவது இருக்கான்னு கூகுள்ல தேடினேன். ஒண்ணு கிடைச்சுது."

அவர் பணம் நழுவிய இடம் அந்தப் பதிலிலேயே இருந்தது.

கேஷ்பேக் ஆப் என்பது ஒரு தரகர். ஆளைக் கூட்டிவந்ததற்காகக் கடை அதற்குக் கமிஷன் தருகிறது. அதில் ஒரு பங்கைத்தான் ஆப் நமக்குக் கொடுக்கிறது. ஆகவே 'இந்த ஆளை அனுப்பியது இவர்தான்' என்று கடை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கான அடையாளம் ஒரு சின்னச் சீட்டு. ஆப்பில் உள்ள லிங்கை அழுத்தியதும் அந்தக் கிளிக்குக்கு ஒரு எண் பிறக்கிறது. கடையின் பக்கம் திறக்கும்போது அந்த எண் 'குக்கி' என்ற சிறு குறிப்பாக நம் பிரவுசரில் பதிகிறது. ஆர்டர் முடிந்ததும் கடையின் கணினி அந்தச் சீட்டைத் தேடிப் பார்த்து, அதிலுள்ள தரகர் பெயரில் கமிஷனை எழுதுகிறது.

பெரும்பாலான கடைகளில் விதி ஒன்றுதான்: கடைசியாக வந்த சீட்டே செல்லும். கூப்பன் தளங்களும் தரகர்களே. அண்ணி கூப்பன் பக்கத்தில் 'கோடைக் காட்டு' என்று அழுத்தியபோது, புதுச்சீட்டு பழைய சீட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கமிஷன் கூப்பன் தளத்துக்குப் போயிருக்கும்.

கூப்பனைத் தேடாமல் இருந்திருந்தாலும் சிக்கல் உண்டு. முன்பே கார்ட்டில் கிடந்த பொருளைப் பல கடைகள் தரகர் கணக்கில் சேர்ப்பதில்லை. அமேசானின் தரகர் திட்டத்தில், லிங்கை அழுத்திய 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கார்ட்டில் போட வேண்டும் என்பது விதி. முந்தின இரவு போட்ட பொருளை அனுப்பியது யார் என்று இன்றைய சீட்டால் எப்படிச் சொல்ல முடியும்? பிரவுசரில் தொடங்கிவிட்டு, போனிலுள்ள கடையின் ஆப்பைத் தனியாகத் திறந்து பணம் கட்டினாலும் இதே கதைதான். சீட்டு பிரவுசரில் கிடக்கும், ஆர்டர் ஆப்பில் நடக்கும். விளம்பரத் தடுப்பான் வைத்திருந்தால் சீட்டு பதியாமலே போகலாம்.

தொகையிலும் அண்ணி ஏமாந்திருப்பார். பல திட்டங்களில் சதவீதம் ஜி.எஸ்.டி., டெலிவரி கட்டணம் நீங்கிய விலைக்குத்தான். 4,720 ரூபாயில் 18 சதவீத வரியைக் கழித்தால் 4,000. அதில் 5 சதவீதம் 200 ரூபாய். 236 என்பது எப்படியும் வந்திருக்காது.

அடுத்தது காலக்கெடு. ஆர்டர் பதிவானதா என்பது பொதுவாக இரண்டு மூன்று நாளில் ஆப்பில் தெரிந்துவிடும். அப்போது 'நிலுவை' என்றுதான் காட்டும். பொருளைத் திருப்பி அனுப்பும் காலம் கழிந்து, கடை உறுதி செய்த பிறகே பணம் கைக்கு வரும். அதற்கு ஓரிரு மாதங்கள் ஆவது சாதாரணம். ஆக, நிலுவையில் இருப்பது காத்திருக்க வேண்டிய பணம். பட்டியலிலேயே வராதது புகார் செய்ய வேண்டிய பணம். புகாருக்கும் கெடு உண்டு. சில நாள் கழித்துத்தான் ஏற்பார்கள்; குறிப்பிட்ட நாளுக்குப் பின் ஏற்கமாட்டார்கள். கிளிக் செய்த நேரம், ஆர்டர் எண், பில் மூன்றையும் கேட்பார்கள்.

அண்ணிக்காகப் புகார் போட்டோம். 'வேறு வழியில் வந்த ஆர்டர்' என்று கடை மறுத்துவிட்டதாகப் பதில் வந்தது. கூப்பனில் எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். 50 ரூபாயாம்.

போன மாதம் குக்கர் வாங்கினார். முதலில் கார்ட்டைக் காலி செய்தார். ஆப்பில் லிங்கை அழுத்தினார். திறந்த அதே பக்கத்தில் குக்கரைத் தேடி எடுத்து, வேறெங்கும் போகாமல் பணம் கட்டினார். மூன்றாம் நாள் பட்டியலில் ஏறியது. 'நிலுவை' என்று பார்த்ததும் திரும்பவும் போனை நீட்டினார். "இது வரும் அண்ணி, குக்கரைத் திருப்பி அனுப்பாம இருந்தா போதும்" என்றேன்.