நோன்பு வேளையில் அறிவிப்பின்றி இறங்கும் சர்க்கரை

நலமுள்ள ஒருவர் ஸஹர் முதல் மஃரிப் வரை நோன்பிருந்தாலும் அவருடைய இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவதில்லை. உடலுக்குள் அடுக்கடுக்காக அமைந்துள்ள காவலே அதற்குக் காரணம்.

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 80 மில்லிகிராமாகக் குறையும்போதே கணையம் இன்சுலின் சுரப்பைத் தணித்துக்கொள்கிறது. 70-ஐ நெருங்கியதும் அதே கணையம் குளுக்ககானைச் சுரக்கிறது. அது ஈரலில் சேமித்துள்ள கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் சேர்க்கிறது. உடன் சுரக்கும் அட்ரினலின் ஈரலைத் தூண்டுவதோடு, தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்வதையும் தடுக்கிறது. படபடப்பும் கைநடுக்கமும் அதன் அடையாளங்கள். இவ்விரண்டும் நிமிடங்களில் வேலை செய்பவை. கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கொழுப்பை எரிபொருளாக்கிச் சர்க்கரைச் செலவைக் குறைக்கின்றன. ஆனால் அவற்றின் பலன் தெரியச் சில மணி நேரமாகும். திடீர் வீழ்ச்சியை அவை நிறுத்தமாட்டா.

இனி, பதினைந்தாண்டுகளாக இன்சுலின் ஊசி போட்டுவரும் முதல் வகை நீரிழிவு நோயாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஊசியில் ஏற்றிய இன்சுலின் தானாகக் குறையாது. பக்கத்துச் செல்களில் இன்சுலின் தணிவதே குளுக்ககான் சுரப்பதற்கான முக்கிய சைகை. அந்தச் செல்களே அழிந்துவிட்டதால், நோய் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அந்தக் காவலும் போய்விடுகிறது. எஞ்சியிருப்பது அட்ரினலின் மட்டுமே. அதிலும் ஒரு பலவீனம் உண்டு: நேற்று ஒருமுறை சர்க்கரை இறங்கியிருந்தால், இன்று அட்ரினலின் தாமதமாகவும் குறைவாகவுமே சுரக்கும்.

நேற்று நோன்பில் லேசான நடுக்கம் வந்தும் அவர் பொறுத்துக்கொண்டார். இன்று அஸர் வேளையில் நடுக்கமோ படபடப்போ இல்லை. கேட்ட கேள்விக்குப் பொருந்தாத விடை சொல்கிறார், காரணமின்றிச் சினக்கிறார். நோன்பின் களைப்பு என்று மனைவி கருதுகிறார். கருவியில் பார்த்தால் 46! எச்சரிக்கை வருமுன்பே மூளை தடுமாறிவிட்டது.

இந்நிலையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது. குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆறுதலான செய்தி ஒன்று: இரண்டு, மூன்று வாரங்கள் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொண்டால் இழந்த எச்சரிக்கை உணர்வு பெரும்பாலும் திரும்புகிறது, குளுக்ககான் மட்டும் திரும்புவதில்லை. ஆகவே இன்சுலின் போடுபவர் நோன்பு நோற்கலாமா, அளவை எப்படி மாற்றுவது என்பதை ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நோன்பிருக்கையில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், நோன்பை அப்போதே முறித்துவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. மஃரிபுக்கு அரை மணிதான் இருக்கிறது என்று காத்திருக்கலாகாது.