கட்டங்களிலிருந்து பெயரும் முகவரியும்

பான் கார்டுக்குத் தாளில் விண்ணப்பித்தவர்களுக்கு 49ஏ படிவம் நினைவிருக்கும். பெயர், வீட்டு எண், தெரு, ஊர், பின்கோடு என எல்லாவற்றுக்கும் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு கேப்பிட்டல் எழுத்து. சொல் முடிந்தால் ஒரு கட்டம் காலி. இந்தத் தாளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவது சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் வரிசையை அப்படியே எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால், கட்டக் கோடுகளையும் அது I என்றும் 1 என்றும் படித்து வைக்கும்.

அதனால் முதலில் ஸ்கேன் படத்தை நிமிர்த்தி, வெற்றுப் படிவத்தோடு பொருத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக வெட்டிப் படிக்க வேண்டும். கோட்டை அழிப்பதில்தான் சிக்கல். B-யின் நேர்க்கோடு கட்டக் கோட்டின் மேல் விழுந்திருந்தால், கோட்டோடு சேர்ந்து அதுவும் போய் 3 மிஞ்சும். வெளிர் சிவப்பில் அச்சிட்ட கட்டங்கள் சிவப்பு ஒளியில் ஸ்கேன் செய்தால் மறைந்துவிடும். எழுத்து மட்டும் நிற்கும். கடையில் வாங்கிய கருப்பு ஜெராக்ஸ் படிவத்தில் அந்த வசதி இல்லை.

காலிக் கட்டமும் தகவல்தான். ஒரு மாதிரி விண்ணப்பத்தைப் பார்ப்போம்; அடிக்கோடு காலிக் கட்டத்தைக் குறிக்கிறது.

```
K A R T H I C K _ R A J A
P A L A Y A M K O T T
A I
6 2 7 O O Z
```

முதல் வரியில் காலிக் கட்டம் இடைவெளியாகிறது. இரண்டாம் வரியின் கடைசிக் கட்டம் வரை எழுத்து இருப்பதால், அடுத்த வரியை இடைவெளியின்றி ஒட்டிப் பார்க்கிறோம்: PALAYAMKOTTAI. சொல் கடைசிக் கட்டத்திலேயே முடிந்திருக்கவும் கூடும் என்பதால், ஊர்ப் பட்டியலில் சரிபார்த்த பிறகே இதை ஏற்கலாம். பின்கோட்டில் எழுத்துக்கு இடமில்லை. O பூஜ்யம், Z இரண்டு. 627002 பாளையங்கோட்டைக்கு உரியதுதான் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.

பெயரில் மட்டும் இந்தத் திருத்த வேலை கூடவே கூடாது. KARTHICK என்று எழுதியவரைப் பட்டியல் பார்த்து KARTHIK ஆக்கினால், அவருடைய ஆதாரோடு பான் பொருந்தாமல் போகும், அலையப்போவது அவர்தான். பெயரில் சந்தேகமான எழுத்து வந்தால் மென்பொருள் ஊகிக்காமல் நிறுத்தி, அந்தக் கட்டத்தின் படத்தை ஆளிடம் காட்ட வேண்டும். அந்த ஒரு கட்டம் மட்டும் போதாது. முழு வரிசையும் தெரிந்தால்தான் அவருடைய கையெழுத்தில் U எப்படி, V எப்படி என்று புரியும்.

மென்பொருள் சந்தேகமே இல்லாமல் தவறாகப் படிப்பதும் உண்டு. DEVI உறுதியாக DEUI என்று பதிவானால் எந்த எச்சரிக்கையும் வராது. இதைப் பிடிக்க, சரி என்று தேறிய படிவங்களிலும் சிலவற்றை எடுத்து, மூலத் தாளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது.