ரெஃப்ரெஷ் செய்தால் இன்னொரு ஆர்டர்

இணையக் கடையில் ஆர்டர் கொடுத்து முடித்ததும் வரும் 'நன்றி, உங்கள் ஆர்டர் பதிவாகிவிட்டது' பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால், சில தளங்களில் பக்கம் உடனே திறக்காது. குரோம் பிரவுசர் "Confirm Form Resubmission" என்று ஒரு சிறு பெட்டியைக் காட்டும். இந்தப் பக்கம் நீங்கள் நிரப்பிய விவரங்களைக் கொண்டு வந்தது, திரும்பத் திறந்தால் முன்பு செய்த செயல் மறுபடி நடக்கலாம், தொடரவா என்பதே அதில் உள்ள செய்தி. கீழே Continue, Cancel என்று இரண்டு பட்டன்கள் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் Continue இருக்கும் இடத்தில் Resend இருக்கும். நடப்பதைச் சரியாகச் சொல்லும் சொல் அதுதான்: மறுபடி அனுப்பு.

ரெஃப்ரெஷ் என்றால் பக்கத்தைப் புதிதாகக் காட்டுவது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பிரவுசருக்கு அதன் பொருள் வேறு. இந்தப் பக்கம் எந்தக் கோரிக்கைக்குப் பதிலாக வந்ததோ, அந்தக் கோரிக்கையைத் திரும்ப அனுப்பு என்பதே அதற்குக் கிடைக்கும் கட்டளை. கோரிக்கைகளில் அன்றாடம் புழங்குபவை இரண்டு வகை. GET என்பது 'இதைக் காட்டு' என்று கேட்பது. செய்திப் பக்கத்தை நூறு முறை கேட்டாலும் சர்வரில் எதுவும் மாறாது. POST என்பது 'இந்த விவரங்களை வைத்து வேலையைச் செய்' என்று ஒப்படைப்பது. படிவத்தை நிரப்பிப் பட்டனை அழுத்தும்போது பெரும்பாலும் போவது இதுதான். இதை இரண்டு முறை அனுப்பினால் வேலையும் இரண்டு முறை நடக்கலாம். அதனால்தான் பிரவுசர் கேட்டுவிட்டு அனுப்புகிறது.

ஒருவர் இரவு 8.14க்கு ஒரு டிபன் கேரியர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 850 ரூபாய், பொருள் கைக்கு வந்ததும் பணம். அவர் பட்டனை அழுத்தியதும் பிரவுசரிலிருந்து போவது ஏறக்குறைய இது:

```
POST /order HTTP/1.1
Host: shop.example
Content-Type: application/x-www-form-urlencoded
Content-Length: 22

item=221&qty=1&pay=cod
```

கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. 221ஆம் எண் பொருள், ஒன்று, பணம் டெலிவரியின்போது. சர்வர் தன் பட்டியலில் 5018 என்ற ஆர்டரைப் பதிந்து, நன்றிப் பக்கத்தை நேராகத் திருப்பி அனுப்புகிறது. பிரவுசர் பக்கத்தைக் காட்டுவதோடு நிற்பதில்லை, அந்தக் கடைசி வரியையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. டெலிவரி தேதி சரியாகத் தெரியவில்லை என்று 8.16க்கு அவர் ரெஃப்ரெஷ் செய்து, கேள்வியைப் படிக்காமல் Continue அழுத்தினால், அதே வரி எழுத்து மாறாமல் மறுபடி போகும். சர்வர் 5019 என்று இன்னொரு ஆர்டரைப் பதியும். திரையில் வருவது அதே நன்றிப் பக்கம்தான். எண்ணின் கடைசி இலக்கம் மாறியிருப்பது கண்ணில் படாமல் போனால், இரண்டு கேரியர்கள் வாசலுக்கு வரும்போதுதான் விஷயம் தெரியவரும்.

சர்வருக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். வந்த வரியில் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. மகளுக்கும் ஒன்று வேண்டும் என்று இரண்டு நிமிடம் கழித்து மனமறிந்து ஆர்டர் கொடுப்பவரும் இதே 22 எழுத்துகளைத்தான் அனுப்புவார். பிரவுசருக்கும் தெரியாது. தேர்வு முடிவுப் பக்கத்தில் பதிவெண்ணைக் கொடுத்துப் பார்த்துவிட்டு ரெஃப்ரெஷ் செய்தாலும் சில சமயம் இதே பெட்டி வரும். அங்கே Continue அழுத்தினால் அதே மதிப்பெண்கள் திரும்ப வரும், அவ்வளவுதான். POST என்ற உறைக்குள் இருப்பது வெறும் தேடலா, ஆர்டரா என்று பிரவுசரால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டியது தளத்தைக் கட்டுபவர்தான். படித்துப் புரிந்துகொள் என்று வாங்குபவர் தலையில் சுமத்துவது நியாயமில்லை. அதற்கான வசதி, 1997இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறையிலேயே இருக்கிறது. ஆர்டரைப் பதிந்ததும் சர்வர் நன்றிப் பக்கத்தை அனுப்பாமல், 'அதை இந்த முகவரியில் போய்ப் பார்' என்று மட்டும் சொல்ல வேண்டும்:

```
HTTP/1.1 303 See Other
Location: /order/5018
```

பிரவுசர் உடனே அந்த முகவரியை GET வழியாகக் கேட்கும். இப்போது திரையில் இருப்பது GET கொண்டுவந்த பக்கம். எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்தாலும் 5018ஆம் ஆர்டரின் விவரம்தான் திரும்ப வரும். எச்சரிக்கைப் பெட்டியும் வராது. ஆர்டர் முடிந்த பக்கத்தில் அந்தப் பெட்டி தோன்றினால், தளம் இந்த ஒரு படியை விட்டுவிட்டது என்று பொருள்.

இந்த 303 பாதுகாப்பதெல்லாம் பதில் வந்து சேர்ந்த பிறகுதான். ஓடும் ரயிலில், சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் ஒருவர் பட்டனை அழுத்துகிறார். கோரிக்கை சர்வருக்குப் போய்விட்டது, ஆர்டரும் பதிவாகிவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. அவர் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மறுபடி அழுத்துகிறார். ஒருமுறை அழுத்தியதும் பட்டனைச் செயலிழக்கச் செய்வது அவசரத்தில் இருமுறை தட்டுபவருக்கு உதவும். பக்கத்தையே திரும்பத் திறந்து முதலிலிருந்து அனுப்புபவரை அது தடுக்காது.

அதற்கும் முந்திய இடத்திலேயே வேலை செய்வது டோக்கன். படிவத்தைக் காட்டும்போதே சர்வர் யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை அதில் மறைவாக வைத்து அனுப்பும். ஆர்டரோடு அந்த எண்ணும் திரும்பி வரும். அதே எண் இரண்டாம் முறை வந்தால், சர்வர் புதிய ஆர்டர் பதியாமல் பழைய 5018ஐயே காட்டும். இரண்டாவது கேரியர் உண்மையிலேயே வேண்டியவர் புதிய படிவம் திறப்பார், அதில் வேறு எண் இருக்கும். ஐந்து நிமிடத்துக்குள் ஒரே பொருள் வந்தால் மறுத்துவிடுவோம் என்ற குறுக்கு வழியை விட இது மேல், ஏனென்றால் அந்த வழி இவரையும் சேர்த்து மறுத்துவிடும்.

டோக்கனிலும் இடறும் இடம் ஒன்று உண்டு. 'இந்த எண் ஏற்கெனவே வந்ததா' என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் பதியும்படி நிரல் எழுதுவார்கள். இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால், இரண்டுமே 'இல்லை' என்ற பதிலைப் பெற்று இரண்டுமே பதிந்துவிடும். ஆகவே தடையைத் தரவுத்தளத்திலேயே வைக்க வேண்டும்:

```sql
CREATE UNIQUE INDEX one_per_form
ON orders (form_token);
```

இதன் பிறகு, ஒரே டோக்கனோடு இரண்டாவது வரிசை உள்ளே நுழையவே முடியாது. இரண்டில் எது முந்துகிறதோ அது பதிவாகும், மற்றது பிழையாகத் திரும்பும். அந்தப் பிழையை வாங்குபவரிடம் காட்டாமல், பதிவான ஆர்டரை எடுத்துக் காட்டுவது நிரலின் வேலை.

வாங்குபவர் பக்கம் இருந்து பார்த்தால், பெட்டி வந்ததும் Cancel அழுத்துவதால் எதுவும் கெடாது. புதிதாக எதுவும் போகாது, முன்பு போன ஆர்டரும் ரத்தாகாது. ஆர்டர் பதிவானதா என்ற சந்தேகம் இருந்தால், தளத்தின் முகப்பைத் தனியாகத் திறந்து, தன் ஆர்டர் பட்டியலைப் பார்ப்பதே நம்பகமான வழி. குறுஞ்செய்தி தாமதமாக வரலாம். பட்டியலில் ஒரே பொருள் ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு எண்களோடு இருந்தால் அது இரட்டை ஆர்டர், பொருள் அனுப்பப்படும் முன்பே ஒன்றை ரத்து செய்துவிடலாம். கார்டு வழியாகப் பணம் கட்டும்போது வங்கி மறுபடி ஓ.டி.பி. கேட்டால் இரண்டாவது பட்டுவாடா அங்கேயே நின்றுவிடும். டெலிவரியின்போது பணம் என்ற முறையில் அப்படி இடையில் நிறுத்தும் கை எதுவும் இல்லை.