ஒரே தாளில் ஒரு நேர்காணல்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் மெர்ச்சண்டைசர் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டு பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று, ஆர்டர் கையில் வந்த நாள் முதல் சரக்கு கப்பல் ஏறும்வரை கவனிக்கும் வேலை அது. விளம்பரத்தில் பத்துத் தகுதிகள்: பட்டம், 3 ஆண்டு அனுபவம், எக்செல், நல்ல ஆங்கிலம், துணி பற்றிய அறிவு, காஸ்டிங், நெருக்கடியைச் சமாளிக்கும் திறன் என்று நீள்கிறது. ரெஸ்யூம்களைச் சலித்து ஆறு பேரைக் கூப்பிட்டாயிற்று. முதலாளி, உற்பத்தி மேலாளர், எச்.ஆர். மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறார்கள். அவர்கள் கையில் என்ன தாள் இருக்க வேண்டும்?

பட்டமும் அனுபவ ஆண்டுகளும் ரெஸ்யூமிலேயே பார்த்து முடித்தவை. அவற்றுக்கு மறுபடி மதிப்பெண் போட்டால் ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை கூலி கொடுத்த மாதிரி. அவற்றை அடித்துவிடலாம். மிச்சத்தில், இது இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் ஆளை அனுப்ப வேண்டியிருக்கும் என்கிற அளவுக்கு முக்கியமானவை மட்டும் தாளில் ஏறட்டும். இங்கே நான்கு தேறும்: ஷிப்மெண்ட் தேதியைக் காப்பது, பையருக்கு எழுதுவது, துணி–சாம்பிள் அறிவு, காஸ்டிங். முக்கியத்துவப்படி இவற்றின் எடை 3, 2, 2, 1.

"நெருக்கடியைச் சமாளிப்பீர்களா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. நடந்த ஒன்றைக் கேட்க வேண்டும். "சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வந்த ஓர் ஆர்டரைச் சொல்லுங்கள். தாமதம் உங்களுக்கு என்றைக்குத் தெரிந்தது? யாரிடம் என்ன சொன்னீர்கள்? சரக்கு எப்போது போனது?" அனுபவமே இல்லாத புதியவரிடம் மட்டும் 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்று மாற்றிக் கேட்கலாம்.

கேள்விக்குக் கீழே, எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கட்டிங் அன்றைக்குத்தான் தெரிந்தது, டையிங்காரர் லேட் செய்தார், நான் என்ன செய்ய என்றால் 1. தினமும் பின்தொடர்ந்தார், ஆனால் பையருக்குக் கடைசி நேரத்தில்தான் சொன்னார் என்றால் 3. லேப் டிப் ஒப்புதல் தள்ளிப்போனபோதே ஆபத்தைக் கணித்து, வந்த நிறங்களை முதலில் கட்டிங்குக்கு அனுப்பி, புதிய தேதியோடு பையருக்கு முன்கூட்டியே எழுதினார் என்றால் 5. இடைப்பட்டவற்றுக்கு 2, 4. மற்ற மூன்றுக்கும் இதே முறை. எழுத்துத் திறனுக்குக் கேள்வியே வேண்டாம், பத்து நிமிடம் கொடுத்து அந்தத் தாமதத்தைச் சொல்லும் மின்னஞ்சல் ஒன்றை எழுதச் சொன்னால் போதும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது வந்தவரின் படபடப்பு தணியக் கேட்கும் கேள்வி. அதற்கு மதிப்பெண் இல்லை.

உளவியலாளர் டேனியல் கானமன் இளைஞராக இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது, 1950களில், ஆள் எடுக்கும் நேர்காணலை இப்படித்தான் மாற்றினார். ஆறு பண்புகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்தது. முதல் பதில் தந்த நல்ல அபிப்பிராயம் கடைசிப் பதில்வரை வழியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

மூவரும் தனித்தனியாகப் போட்டு முடிக்கும்வரை பேசிக்கொள்ளக் கூடாது. முதலாளி "பையன் தேவல" என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்ற இருவரின் பேனாவும் 4 பக்கம் சாயும். ஒருவருக்கு மேலாளர் 4, எச்.ஆர். 2 போட்டிருந்தால் சராசரி 3 என்று முடித்துவிடாதீர்கள். குறிப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வந்தவர் "நாங்க பேசி முடிச்சோம்" என்று சொல்லியிருப்பார். அந்த 'நாங்க'வில் அவர் பங்கு எது என்று மேலாளர் ஊகித்துக்கொண்டார், எச்.ஆர். ஊகிக்கவில்லை. "அதில் நீங்க செஞ்சது எது?" என்ற துணைக்கேள்வி தாளில் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

இப்போது இரண்டு பேரைக் கூட்டிப் பார்ப்போம். முதலாமவர் 2, 5, 4, 5. எடையால் பெருக்கினால் 6, 10, 8, 5, மொத்தம் 29. இரண்டாமவர் 4, 3, 4, 2. பெருக்கினால் 12, 6, 8, 2, மொத்தம் 28. கூட்டல் முதலாமவரைக் காட்டுகிறது. ஆனால் தேதியைக் காப்பதில் அவர் வாங்கியது 2. அதனால்தான் முதல் வரிசையில் 3க்குக் கீழே போனால் மொத்தத்தைப் பார்க்காமலே விலக்குவது என்று தாளின் அடியில் முன்னதாகவே எழுதிவைக்க வேண்டும். முகங்களைப் பார்த்த பிறகு எழுதினால் அது விதி இல்லை, சாக்கு.

தாளை வெளியாள் மீது பயன்படுத்துமுன் உள்ளேயே ஒரு முறை சோதிப்பது நல்லது. நிறுவனத்தின் கெட்டிக்கார மெர்ச்சண்டைசரையும் சுமாரான ஒருவரையும் அழைத்து, இதே கேள்விகளைக் கேளுங்கள். ஒரு கேள்விக்கு இருவரும் 4 வாங்கினால் அந்தக் கேள்வியையோ அதன் மதிப்பெண் வரையறையையோ மாற்ற வேண்டும்.