புளியோதரைக்கா இவ்வளவு கண்ணடிப்பு?

என் நண்பனை முரளி என்று வைத்துக் கொள்வோம். நிஜப் பெயரைப் போட்டால், இந்தக் கட்டுரை எந்தத் தப்பைப் பற்றியதோ அதே தப்பை இரண்டாவது தடவை செய்தவன் ஆவேன். முதல் தடவை செய்ததற்கே அவன் அம்மாவுக்கு ஒரு மாதம் தூக்கம் போயிற்று.

2017-இல் முரளிக்கு முப்பது வயது. கல்யாணப் பேச்சு முடிந்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவன் பிறந்த நாளன்று காலை ஏழு மணிக்கு, பல் கூடத் தேய்க்காமல், ஃபேஸ்புக்கில் அவனை டேக் செய்து நான் எழுதியது இதுதான்:

'முப்பதாவது பிறந்த நாள் வாழ்த்துகள்டா முரளி! அந்த ஸ்ரீரங்கம் மேட்டரை உன் வருங்கால மாமனார்கிட்ட சொல்லிடட்டுமா..?' கூடவே ஒரு கண்ணடிக்கும் பொம்மை.

ஸ்ரீரங்கம் மேட்டர் என்ன என்பதை முதலில் சொல்லி விடுகிறேன். பி.காம். இரண்டாம் வருஷம், மார்கழி மாதம். அங்கே ஒரு மண்டபத்தில் தொன்னையில் புளியோதரை கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று. முரளி ஒன்றைச் சாப்பிட்டு விட்டு, தூண் மறைவில் என் சட்டையை வாங்கி மாட்டிக் கொண்டு மறுபடி வரிசையில் நின்றான். மூன்றாவது தடவை இன்னொருத்தன் சட்டை. கொடுத்துக் கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, சட்டையை மாத்தினே, சரி. முகத்தையும் மாத்தியிருக்கலாமே" என்று சொல்லி, சிரித்துக் கொண்டே இரண்டு தொன்னை கொடுத்தார். அவ்வளவுதான் சார் மேட்டர்!

எங்கள் ஆறு பேருக்கு 'ஸ்ரீரங்கம்' என்று சொன்னாலே போதும், சிரித்துப் புரளுவோம். ஆனால் அன்றைக்குப் படித்தது ஆறு பேர் இல்லை. என் பதிவை 'ஃப்ரெண்ட்ஸ்' மட்டும் பார்க்கும்படிதான் வைத்திருந்தேன். டேக் செய்து விட்டால் அது அவனுடைய நண்பர்கள் பட்டியலுக்கும் தெரியும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அந்தப் பட்டியலில் பத்து நாள் முன்புதான் சேர்ந்திருந்தார், பெண்ணின் தாய்மாமன்.

போதாக்குறைக்கு எங்கள் கோஷ்டி உதவிக்கு வந்தது. ஒருத்தன், 'டேய், அந்தச் சட்டை இன்னும் என்கிட்டதான் இருக்கு!' என்று எழுதினான். இன்னொருத்தன், 'மூணாவது தடவை மாட்டினானே, அதையும் சொல்லு!' என்றான். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் இதையெல்லாம் தாய்மாமன் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு வரிசையாகப் படித்தால் என்ன படம் ஓடும்? வயசுக்கு வந்தோர் மட்டும்!

பதினோரு மணிக்கு முரளி போன் செய்து கத்தினான். பதறிப் போய்ப் பதிவை அழித்தேன். அது இரண்டாவது தப்பு. அதற்குள் அதன் ஸ்க்ரீன்ஷாட் பெண் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற ஆரம்பித்திருந்தது. "ஒண்ணுமில்லேன்னா ஏன் அழிச்சான்?" என்று புதுசாக ஒரு கேள்வியும் சேர்ந்து கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் போனேன். புளியோதரைக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். மாமா பொறுமையாகக் கேட்டு விட்டு ஒன்று கேட்டார்: "ஏன் தம்பி, புளியோதரைக்கா இவ்வளவு கண்ணடிப்பு?"

பதில் இல்லை என்னிடம்.

நிச்சயதார்த்தம் இரண்டு மாதம் தள்ளிப் போயிற்று. மாமா முரளியின் ஆபீஸுக்கும், பழைய ஹாஸ்டல் வார்டனிடமும் போய் விசாரித்து, திருப்தியான பிறகுதான் தட்டு மாற்றினார்கள். முரளி அன்று சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் உறைக்கிறது: "நீ தப்பா எதுவும் எழுதலைடா. முழுசா எழுதலை."

விஷயமே அதுதான். ரகசியமான ஞாபகத்தைப் பொது இடத்தில் முழுசாகச் சொன்னாலும் ஆபத்தில்லை, சொல்லாமலே விட்டாலும் ஆபத்தில்லை. பாதி சொன்னால்தான் ஆபத்து. 'அந்த மேட்டர்', மூன்று புள்ளி, கண்ணடிக்கும் பொம்மை, 'சொல்லிடவா?' — இவை எதுவுமே செய்தி இல்லை. 'இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது' என்று மாட்டிய போர்டு. படிப்பவர் அந்தப் பள்ளத்தைத் தன் கையில் இருக்கும் மண்ணைப் போட்டு நிரப்புவார். கல்யாணப் பேச்சில் இருக்கும் தாய்மாமன் கையில் என்ன மண் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தாத்தாவுக்கு இந்த வித்தை அத்துப்படி. அவர் காலத்துப் பொது இடம், போஸ்ட் கார்டு. எங்கள் ஊர் போஸ்ட்மேன் கார்டுகளைப் படித்து, விஷயத்தையும் வாயாலேயே டெலிவரி செய்கிறவர். கடன் தொல்லை தீர்ந்ததைத் தம்பிக்குத் தெரிவிக்க தாத்தா எழுதினார்: 'சின்னவனுக்குப் பல்வலி பூரணமாகக் குணம்.' கார்டைக் கொண்டு போய்க் கொடுத்த போஸ்ட்மேன், "சின்னவருக்குத் தேவலையாமே, சந்தோஷம்" என்றாராம். தாத்தா ரகசியத்தை ஒளிக்கவில்லை. ஒளிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்பதையே ஒளித்தார். போஸ்ட்மேனுக்கு அது ஒரு முழு வாக்கியம். தம்பிக்கு மட்டும் அடியில் இன்னொரு மாடி.

இந்தப் பாடத்தைப் பயன்படுத்தும் சந்தர்ப்பம் 2018 தை மாதம் வந்தது. முரளி கல்யாணம். மண்டப வாசலில் நண்பர்கள் சார்பில் ஃப்ளெக்ஸ். வாசகம் எழுதும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள் (என்ன தைரியம்!). கோஷ்டி கொடுத்த முதல் பிரதி இப்படி இருந்தது: '1987-இல் உதித்த எங்கள் சிங்கமே! ரூம் நம்பர் 14 ரகசியங்கள் எங்களிடம் என்றும் பத்திரம்!'

இதை நான் மூன்று பேர் கண்ணால் படித்துப் பார்த்தேன்.

முதல் ஆள், பெண்ணின் பாட்டி. ரூம் நம்பர் 14 என்பது வெறும் ஹாஸ்டல் அறை. அங்கே இருந்த பெரிய ரகசியம், தடை செய்யப்பட்ட ஒரு மின்சார அடுப்பு. ஆனால் பாட்டிக்கு அறை எண் என்றால் லாட்ஜ்தான். 'ரகசியம்', 'பத்திரம்' இரண்டும் போர்டு மாட்டும் வார்த்தைகள். அடித்தேன்.

இரண்டாவது ஆள், அந்த ஞாபகத்தில் இருக்கிற இன்னொருவர். அடுப்பு விஷயத்தில் மாட்டிக் கொண்டு ஃபைன் கட்டியது முரளி இல்லை, வேறொரு நண்பன். இன்று அவன் ஒரு கல்லூரியில் லெக்சரர். 'அடுப்புக் கதையை முழுசாப் போட்டுடலாமே' என்று ஒருத்தன் யோசனை சொன்னபோது எனக்கு பி.காமில் படித்த பார்ட்னர்ஷிப் சட்டம் ஞாபகம் வந்தது. கூட்டு நிறுவனத்தின் நிலத்தை ஒரு பங்குதாரர் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. மற்றவர்கள் சம்மதம் வேண்டும். ஞாபகமும் கூட்டுச் சொத்துதான். லெக்சரருக்கு போன் போட்டுக் கேட்டேன். "என் பசங்க வந்து பார்ப்பானுங்கடா, வேண்டாம்" என்றான். விட்டு விட்டோம்.

மூன்றாவது ஆள், நம் யாருக்கும் தெரியாத ஒருவன், திருடன். அவனுக்கு ஜோக் வேண்டாம், விவரம் வேண்டும். நாம் டவுன்லோடு செய்கிற இ-ஆதார் கோப்புக்குப் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, அதன் பின்னால் பிறந்த வருடம். நம் முரளிக்கு `MURA1987`. ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பி விட்டு, பூட்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம். சாவியை ஃப்ளெக்ஸில் அச்சடித்துத் தொங்க விட்டால்? நான் அன்று ஃபேஸ்புக்கில் 'முப்பதாவது பிறந்த நாள்' என்று எழுதியதும் இதேதான். தேதி அதிலேயே இருக்கிறது, வருஷத்தைக் கழித்துப் பார்த்துக் கொள்ளலாம். முதலில் படித்த பள்ளி, வளர்த்த நாயின் பெயர் போன்ற இனிய நினைவுகளும் இந்த ரகம்தான். பாஸ்வேர்டு மறந்தவர்களிடம் சில இணையதளங்கள் கேட்கிற கேள்விகள் இவை. ஆகவே '1987' அவுட். வயசைச் சொல்லாமலே வாழ்த்தலாம், யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

இத்தனையும் மீறிப் பாதி ஜோக்கைப் போட்டுத் தொலைத்து விட்டால்? நான் செய்த மாதிரி பதறி அழிக்க வேண்டாம். கதை நிஜமாகவே சாதுவானது என்றால், அதே இடத்தில் மீதிப் பாதியையும் எழுதி முடித்து விடுங்கள். அன்று காலை புளியோதரை என்ற ஒரு வார்த்தையை நான் சேர்த்திருந்தால் மாமா சிரித்து விட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார். நிஜமாகவே ஒருவரைப் புண்படுத்தும் விஷயம் என்றால் மட்டும் அழியுங்கள். திருத்தினால் போதாது. ஃபேஸ்புக்கில் திருத்திய பதிவின் பழைய வடிவத்தையும் பார்க்க வழி இருக்கிறது. அழித்த கையோடு, யாரைப் பற்றியதோ அவருக்கு நாமே போன் செய்து சொல்லி விட வேண்டும். ஸ்க்ரீன்ஷாட் நம்மை விட வேகமாகப் போகும்.

கடைசியில் ஃப்ளெக்ஸில் என்ன வந்தது என்கிறீர்களா? முரளிக்கு முன்கூட்டியே காட்டி, அவன் தலையாட்டிய பிறகு அச்சுக்குப் போனது இது:

'மாப்பிள்ளைக்கு ஒரு அன்பான வேண்டுகோள்: இன்றைய விருந்தில் ஒரே சட்டையில், ஒரே பந்தியில் சாப்பிடவும். இப்படிக்கு, கல்லூரி நண்பர்கள்.'

பாட்டி படித்தார். "பையன் நல்லா சாப்பிடுவான் போலிருக்கே" என்று சந்தோஷப்பட்டார். அவருக்கு அது முழு வாக்கியம். நாங்கள் ஆறு பேரும் வாசலிலேயே நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மாமா மட்டும் ஃப்ளெக்ஸையே கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டு நின்றார். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். எனக்கு அடிவயிறு கலங்கியது. முகூர்த்தம் முடிந்து, முதல் பந்தியில் மாப்பிள்ளை உட்கார்ந்ததும், சமையல்காரர் கையிலிருந்து வாளியை வாங்கிக் கொண்டு மாமாவே வந்தார். முரளி இலையில் புளியோதரையைப் போட்டார். கொஞ்சம் நகர்ந்தார். திரும்பி வந்து இன்னொரு தடவை போட்டார்.

"சட்டை மாத்த வேண்டாம் மாப்ளே, உட்காருங்க" என்றார்.